லாபம் கூடியும் இ.பி.எஸ். குறைவது ஏன்? – வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: நான் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் சென்ற ஆண்டு அறிக்கையில் ஒரு பங்குக்கான வருமானம் (இ.பி.எஸ்.) 40 ரூபாய் என்று இருந்தது. நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு அறிக்கையில் 9 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். அதே பக்கத்தில் 'சென்ற ஆண்டு' என்ற இடத்தில் 8 ரூபாய் என்று இருக்கிறது. 40 எப்படி ஐயா 8 ஆகும்? கணக்கைத் திருத்திவிட்டார்களா?
– ஒரு வாசகர், ராஜபாளையம்

திருத்தியிருக்கிறார்கள், ஆனால் சட்டப்படி. அறிக்கையில் பங்கின் முகமதிப்பு எவ்வளவு என்று பாருங்கள். 10 ரூபாயாக இருந்தது 2 ரூபாயாக மாறியிருக்கும். ஒரு பங்கு ஐந்தாகப் பிரிந்திருக்கிறது. உங்களிடம் 100 பங்குகள் இருந்திருந்தால் இப்போது டீமேட் கணக்கில் 500 இருக்கும்.

இ.பி.எஸ். என்பது நிறுவனத்தின் நிகர லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் தொகை. பங்குப் பிரிப்பில் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூட உள்ளே வருவதில்லை, வெளியே போவதும் இல்லை. வகுக்கும் எண் மட்டும் ஐந்து மடங்காகிறது. இந்த ஆண்டின் 9 ரூபாயைப் பழைய 40 ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்தால் நிறுவனம் சரிந்துவிட்டதாகத் தோன்றும். அதனால்தான் சென்ற ஆண்டின் எண்ணையும் புதிய பங்கு எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிக் காட்ட வேண்டும் என்கிறது இ.பி.எஸ்.ஸுக்கான இந்தியக் கணக்கியல் தரம், இண்ட் ஏ.எஸ். 33. போனஸ் பங்குக்கும் இதே விதிதான். நிதியாண்டு முடிந்த பிறகு, கணக்குக்கு ஒப்புதல் தருவதற்கு முன்பு பிரிப்பு நடந்தாலும் மாற்றித்தான் காட்ட வேண்டும். ஆக, உங்கள் நிறுவனத்தின் இ.பி.எஸ். 8-லிருந்து 9 ஆகியிருக்கிறது. நல்ல வளர்ச்சி.

உங்கள் நோட்டில் இருக்கும் 40-ஐ மட்டும் இன்றே அடித்துவிட்டு 8 என்று எழுதிவிடுங்கள். பிரிப்புக்குப் பிறகு பங்கு 180 ரூபாய்க்கு விற்கிறது என்று வையுங்கள். அதைப் பழைய 40-ஆல் வகுத்தால் பி.இ. விகிதம் 4.5 என்று வரும். அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது என்று நினைத்து இன்னும் வாங்கிவிடுவீர்கள். உண்மையான விகிதம் 180-ஐ 9-ஆல் வகுத்து வரும் 20.

இதனாலேயே இரண்டு நிறுவனங்களின் இ.பி.எஸ்.ஸை அருகருகே வைத்து எது பெரியது என்று பார்ப்பதில் பொருளில்லை. சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனத்துக்கு இருப்பவை ஏறத்தாழ 42.4 லட்சம் பங்குகள்தாம். அதன் இ.பி.எஸ். ஆயிரக்கணக்கில் வருவதற்கும், 2023 ஜூனில் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டதற்கும் அந்தச் சின்ன எண்ணிக்கை ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: என்னிடம் உள்ள ஒரு நிறுவனம் பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்குப் புதிய பங்குகளை விற்றுப் பணம் திரட்டியது. 'டைல்யூஷன் ஆகிவிட்டது, வெளியே வந்துவிடு' என்கிறார் என் மைத்துனர். நிறுவனமோ வளர்ச்சிக்காகத்தான் திரட்டினோம் என்கிறது. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, கும்பகோணம்

உங்கள் மைத்துனர் ஒரே சொல்லில் இரண்டு விஷயங்களைச் சொல்கிறார். நிறுவனத்தில் உங்கள் பங்கின் விகிதம் குறைந்தது என்பது ஒன்று. அது நிச்சயம் நடந்திருக்கிறது. ஒவ்வொரு பங்குக்கும் சேரும் லாபம் குறைந்தது என்பது இன்னொன்று. அது நடந்திருக்கலாம், நடக்காமலும் போகலாம். எந்த விலைக்குப் பங்கை விற்றார்கள், வந்த பணம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்ற இரண்டையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நிறுவனத்துக்கு 10 கோடி பங்குகள், லாபம் 50 கோடி ரூபாய், இ.பி.எஸ். 5 ரூபாய், சந்தை விலை 100 ரூபாய். அது 2 கோடி புதிய பங்குகளை 100 ரூபாய்க்கு விற்று 200 கோடி திரட்டுகிறது. இனி 12 கோடி பங்குகள். இ.பி.எஸ். 5 ரூபாயிலேயே நிற்க வேண்டுமானால் லாபம் 60 கோடி ஆக வேண்டும். அதாவது வந்த 200 கோடி, வரி போக 10 கோடி சம்பாதிக்க வேண்டும். அது 5 சதவீதம். இந்த 5 சதவீதம் வேறொன்றுமில்லை, இ.பி.எஸ்.ஸைப் பங்கு விற்ற விலையால் வகுத்தால் வருவதுதான்.

நிறுவனம் அந்தப் பணத்தை வைத்து 9 சதவீத வட்டிக் கடனை அடைத்துவிட்டால் ஆண்டுக்கு 18 கோடி வட்டி மிச்சம். சுமார் 25 சதவீத வரி போக 13.5 கோடி லாபத்தில் சேரும். லாபம் 63.5 கோடி, இ.பி.எஸ். 5.29. உங்கள் விகிதம் குறைந்தும் பங்குக்கான வருமானம் கூடிவிட்டது. மாறாக, அதே பணத்தை நிலத்திலும் கட்டடத்திலும் போட்டு, ஆலை ஓட இரண்டு ஆண்டுகள் ஆகும் என்றால் அதுவரை இ.பி.எஸ். 4.17. ஆலை ஓடிய பிறகுதான் நிறுவனம் சொன்னது சரியா என்று தெரியும்.

இப்போது விலையை மாற்றிப் பாருங்கள். அதே நிறுவனத்தின் பங்கு 40 ரூபாய்க்குக் கிடந்த நேரத்தில் 200 கோடி திரட்டியிருந்தால் 5 கோடி பங்குகளைக் கொடுத்திருக்க வேண்டும். அதே கடனை அடைத்து, அதே 13.5 கோடியை மிச்சம் பிடித்தாலும் 63.5 கோடியை 15 கோடி பங்குகள் பங்கிட்டுக்கொள்ளும். இ.பி.எஸ். 4.23. பழைய பங்குதாரரை உண்மையில் அடிப்பது மலிவு விலைக்குப் பங்கை விற்பதுதான்.

நம் நாட்டில் இதற்கு நடந்த பெரிய உதாரணம் யெஸ் பேங்க். 2019 மார்ச்சில் அதற்கு ஏறத்தாழ 231 கோடி பங்குகள். அந்த நிதியாண்டின் லாபம் சுமார் 1,700 கோடி. இ.பி.எஸ். ஏழரை ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வாராக்கடன் வங்கியை விழுங்கப் பார்த்தபோது, 2020 மார்ச்சில் ஸ்டேட் பேங்க் தலைமையில் நிதி நிறுவனங்கள் ஒரு பங்கு 10 ரூபாய் என்று சுமார் 10,000 கோடியைப் போட்டன. அதே ஆண்டு ஜூலையில் எஃப்.பி.ஓ. மூலம் ஒரு பங்கு 12 ரூபாய்க்கு 15,000 கோடி திரட்டப்பட்டது. பங்குகளின் எண்ணிக்கை 2,500 கோடியைத் தாண்டியது. பிறகு இரண்டு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களும் வந்து சேர, 2025 மார்ச்சில் அது சுமார் 3,130 கோடி.

அந்த 2024-25 நிதியாண்டில் வங்கி ஈட்டிய லாபம் சுமார் 2,400 கோடி. 2019-ஐவிடக் கணிசமாக அதிகம். இ.பி.எஸ்.ஸோ 80 பைசாகூட இல்லை. வங்கி மீண்டது, டெபாசிட் போட்டவர்கள் தப்பித்தார்கள். புதுப் பணம் வராவிட்டால் பழைய பங்குதாரருக்கு எதுவுமே மிஞ்சியிருக்காது என்பதும் உண்மை. ஆனால் 'லாபம் பழைய நிலையைத் தாண்டிவிட்டது, விலையும் பழைய நிலைக்கு வந்துவிடும்' என்று காத்திருப்பவர் இந்தப் பதின்மூன்று மடங்குப் பெருக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று பொருள். இது பங்குப் பிரிப்பு அல்ல. அவர் கையில் இருந்த 1,000 பங்குகள் 1,000-ஆகவே இருக்கின்றன.

உங்கள் நிறுவனத்தைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இ.பி.எஸ்.ஸுக்கு வகுக்கும் எண், ஆண்டு முழுவதுக்குமான சராசரி. நம் உதாரண நிறுவனம் ஜனவரி முதல் தேதியில் அந்த 2 கோடி பங்குகளை வெளியிட்டிருந்தால், மார்ச்சில் முடியும் ஆண்டுக்கு மூன்று மாதப் பங்கு மட்டுமே, அதாவது 50 லட்சம்தான், கணக்கில் சேரும். லாபம் மாறாமல் 50 கோடியாகவே இருந்தால் அந்த ஆண்டு இ.பி.எஸ். 4.76. அடுத்த ஆண்டில்தான் முழு 12 கோடியும் வந்து 4.17 ஆகும். முதல் ஆண்டு எண்ணைப் பார்த்து 'பெரிதாக ஒன்றும் குறையவில்லையே' என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இன்றைய உண்மையான எண்ணிக்கையை நீங்களே கண்டுபிடிக்கலாம். காலாண்டு முடிவுகளின் கீழ்ப்பகுதியில் செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் என்று ஒரு தொகை இருக்கும். அதை முகமதிப்பால் வகுத்தால் போதும்.

கேள்வி: பைபேக் செய்தால் பங்குகள் குறையும், இ.பி.எஸ். கூடும் என்கிறார்கள். அப்படியென்றால் எல்லா பைபேக்கும் நமக்கு நல்லதுதானே?
– ஒரு வாசகர், திருப்பூர்

இல்லை. பங்குகள் குறைகின்றன என்பதோடு, நிறுவனத்தின் கையிலிருந்த பணமும் போகிறது. அந்தப் பணம் ஈட்டிக்கொண்டிருந்த வட்டியும் அதோடு போகும்.

5 கோடி பங்குகள், 100 கோடி லாபம், இ.பி.எஸ். 20 ரூபாய் உள்ள ஒரு நிறுவனம், வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்த 100 கோடியை எடுத்து பைபேக் செய்கிறது. விலை 400 ரூபாய் என்றால் 25 லட்சம் பங்குகள் கிடைக்கும். வட்டி 7 கோடி போயிற்று. வரியைக் கழித்துப் பார்த்தால் லாபத்தில் 5.25 கோடி குறையும். மீதி 94.75 கோடியை 4.75 கோடி பங்குகளால் வகுத்தால் 19.95. பங்குகள் குறைந்தும் இ.பி.எஸ். ஐந்து பைசா இறங்கிவிட்டது. அதே 100 கோடிக்கு 250 ரூபாய் விலையில் 40 லட்சம் பங்குகளை வாங்கியிருந்தால் இ.பி.எஸ். 20.60 ஆகியிருக்கும். கும்பகோணம் வாசகிக்குச் சொன்ன அதே அளவுகோல்தான், திசை மட்டும் வேறு: மலிவாக விற்பது எப்படிப் பழைய பங்குதாரருக்கு நஷ்டமோ, அதிக விலைக்குத் திரும்ப வாங்குவதும் அப்படியே.

பைபேக்கால் 20.60 ஆனாலும் வியாபாரம் வளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த உதாரணத்தில் நிறுவனம் ஒரு ரூபாய்க்குக்கூட அதிகமாகச் சரக்கு விற்கவில்லை. நிகர லாபம் எத்தனை சதவீதம் வளர்ந்தது, இ.பி.எஸ். எத்தனை சதவீதம் வளர்ந்தது என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இ.பி.எஸ். மட்டும் ஆண்டுக்காண்டு முந்திக்கொண்டு போனால், அந்த வளர்ச்சியின் ஒரு பகுதி பைபேக்கிலிருந்து வருகிறது.

கேள்வி: காலாண்டு முடிவுகளில் 'பேசிக்', 'டைல்யூட்டட்' என்று இரண்டு இ.பி.எஸ். போடுகிறார்களே, எதைப் பார்ப்பது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

டைல்யூட்டட் எண்ணைப் பாருங்கள். இன்னும் பிறக்காத பங்குகளும் அதில் சேர்ந்திருக்கும். ஊழியர்களுக்குக் கொடுத்த பங்கு உரிமைகளும், பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரங்களும், வாரண்டுகளும் பிற்பாடு பங்குகளாக வந்து சேரக்கூடியவை.

ஊழியர்களிடம் 60 ரூபாய்க்குப் பங்கு வாங்கும் உரிமை 10 லட்சம் இருக்கிறது, சந்தையின் சராசரி விலை 100 ரூபாய் என்று கொள்வோம். அவர்கள் அனைவரும் அதைப் பயன்படுத்தினால் நிறுவனத்துக்கு 6 கோடி வரும். அந்தப் பணத்தில் சந்தை விலைக்கு 6 லட்சம் பங்குகளைத்தான் வாங்க முடியும். மீதி 4 லட்சம் பங்குகள் பணம் வராமலே போனதாகக் கருதி, அவற்றை மட்டும் வகுக்கும் எண்ணில் சேர்ப்பார்கள். பங்கு விலை ஏற ஏற இந்த இலவசப் பகுதி பெருகும்.

இரண்டு எண்களுக்கும் சில பைசாதான் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். பெரிய இடைவெளி இருந்தால் ஆண்டறிக்கையில் இ.பி.எஸ். பற்றிய குறிப்பைத் திறந்து, எத்தனை பங்குகள், எந்த விலைக்கு, எப்போது வரப்போகின்றன என்று பாருங்கள். நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்தில் இந்தச் சோதனை வேலை செய்யாது. அங்கே பங்கு எண்ணிக்கையைக் கூட்டினால் ஒரு பங்குக்கான நஷ்டம் குறைந்ததாகத் தோன்றும் என்பதால், அந்தப் பங்குகளைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. இரண்டு எண்களும் ஒன்றாகவே இருக்கும். புதிதாகப் பட்டியலிட்ட, இன்னும் லாபம் பார்க்காத நிறுவனங்களில் ஊழியர் உரிமைகள் குவிந்து கிடந்தாலும் இந்த இரண்டு எண்களில் அது தெரியாது. அங்கே குறிப்பைத்தான் படிக்க வேண்டும்.