87-ஆம் சப்டைட்டில்



நீ தமிழில் சப்டைட்டில் போட்ட அந்த மலையாளக் குறும்படத்தை நேற்று பேருந்தில் வரும்போது போனில் பார்த்தேன். மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசப்போவதில்லை. மலையாளம் உனக்கு என்னைவிட நன்றாக வரும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் கூடாது என்பதையும் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 87-ஆம் சப்டைட்டில் கிளப்பிய எரிச்சல் வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகும் அடங்கவில்லை.

```
87
00:04:11,200 --> 00:04:14,200
நேற்றிரவு கடலுக்குப் போனவர்களைத் தேடிக்
கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லவில்லை
```

உன் மென்பொருள் வரி நீளத்தைப் பற்றி மூச்சே விட்டிருக்காது. முதல் வரி 39, இரண்டாவது 37. ஆங்கிலத்துக்கென்று வகுத்து நம் தலையிலும் கட்டிய 42 என்ற எல்லைக்குள் இரண்டும் அடங்கிவிட்டன. ஆனால் மென்பொருள் எதை எண்ணுகிறது? ‘கொ’ நமக்கு ஓர் எழுத்து, அதற்கு இரண்டு குறி. புள்ளியையும் தனிக் குறியாகத்தான் எண்ணும். நம் கணக்கில் இந்த இரு வரிகளிலும் சேர்த்து 40 எழுத்துகள்தான். எப்படி எண்ணினாலும் அகலம் தெரியப்போவதில்லை. ‘ணை’ பிடிக்கும் இடத்தில் இரண்டு ‘ர’ உட்கார்ந்துவிடும். ஆண்ட்ராய்டில் நோட்டோ எழுத்துருவில் அடங்கும் வரி, ஐபோனின் சங்கம் எழுத்துருவிலும் அடங்கும் என்று நம்ப முடியாது.

போனை நேராகப் பிடித்திருந்தேன். திரையின் அகலம் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர், அதில் படம் ஓடும் பட்டையின் உயரம் நான்குக்கும் குறைவு. எழுத்தளவை ஒரு படி கூட்டி வைத்திருக்கிறேன். என் வயதுக்காரர்கள் பலரும் அப்படித்தான். எனக்குத் தெரிந்தது இது:

```
நேற்றிரவு கடலுக்குப்
போனவர்களைத் தேடிக்
கொண்டிருக்கிறார்கள்
என்று சொல்லவில்லை
```

கரையில் நிற்கும் தாயின் முகத்தில் பாதி போய்விட்டது. மேல் வரியின் உகரக் கொக்கியும் கீழ் வரியின் புள்ளியும் ஒன்றையொன்று இடித்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மூன்று வினாடி முடிந்தபோது நான் மூன்றாவது வரியில் இருந்தேன். என்ன படித்தேன்? தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று. ஆறுதலான செய்தி! அடுத்த ஷாட்டில் அவள் ஏன் மண்ணை வாரித் தூற்றுகிறாள் என்று விழித்தேன். தமிழில் வினை கடைசியில் நிற்கிறது, எதிர்மறை அதன் வாலில் தொங்குகிறது. நேரம் போதாமல் கடைசி வரி விழுந்தால், வாக்கியம் குறைவதோடு நிற்காது, நேர்எதிராகத் திரும்பிவிடும்.

படத்தின் முன்பாதியில் இப்படி என்றால், பின்பாதியில் வேறு கூத்து. வினை உடையக் கூடாது என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். U+00A0 என்ற உடையா இடைவெளியை வைத்துச் சொற்களையெல்லாம் ஒட்டியிருக்கிறாய். ‘வந்து கொண்டிருந்தவர்களுக்காகத்தான்’ என்பது ஒட்டியபின் ஒரே சொல். திரையைவிட அது அகலம். இடைவெளியில் உடைக்க வழியில்லாதபோது செயலி எழுத்துக்கு நடுவே வெட்டும். நல்ல செயலி என்றால் எழுத்தை முழுதாக விட்டு வெட்டும், அப்போதும் ‘...காகத்தா’ மேலே நிற்க, ‘ன்’ மட்டும் கீழே தனியாகக் கிடக்கலாம். மட்டமான செயலி என்றால் புள்ளியையோ கொம்பையோ பிய்த்துப் புள்ளிவட்டத்தில் மாட்டிவிடும்.

வரியின் தலையில் மெய்யெழுத்தைக் கண்டால் எனக்கு இன்றும் கை பேனாவைத் தேடும். ஈய எழுத்து கோத்த காலத்தில் ஒரு வார இதழுக்குப் புரூஃப் பார்த்தவன் நான். குறுகிய பத்தியில் சொற்களை உடைத்துத்தான் ஆக வேண்டும், வாசகரும் அதற்குப் பழகியிருந்தார். ஆனால் புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. ஃபோர்மேன் அதில் கறார். இரண்டு சொல்லுக்கு நடுவே இருக்கும் ஸ்பேஸை மெல்லியதாக மாற்றி அந்த ஒற்றை எழுத்தை மேலே இழுப்பார், முடியாவிட்டால் ஒரு முழு எழுத்தையும் கூடவே கீழே இறக்குவார். இதழ் கடைக்குப் போகும் நாளன்றும் அதற்காக மெஷினை நிறுத்தியிருக்கிறார். முதலாளி கத்துவார், இவர் வெற்றிலையை மென்றபடி குனிந்து எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அத்தனைக்கும் இதழ் வாசகருக்கு அவசரமில்லை, உடைந்த சொல்லை மறுபடி பார்த்துக்கொள்ளலாம். உன் பார்வையாளருக்கு அந்த வசதி கிடையாது.

சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று நீ தலையை உடைத்துக்கொள்ளாதே. பிரித்தால் கண்ட இடத்தில் உடைகிறது, சேர்த்தால் சொல் நடுவில் உடைகிறது. வாலை வெட்டு. இந்த இடத்தில் ‘தேடிக்கொண்டிருக்கிறார்கள்’ என்பதில் ‘தேடுகிறார்கள்’ தராத எந்தப் பொருள் இருக்கிறது? நேற்றிரவு கடலுக்குப் போன செய்தி 85-லேயே வந்துவிட்டது. மிச்சம் இவ்வளவுதான்:

```
87
00:04:11,200 --> 00:04:14,700
தேடுகிறார்கள் என்று
சொல்லவில்லை
```

‘என்று’ முதல் வரியோடு இருக்கிறது, கவனி. அது முன்னால் வந்ததைக் கட்டும் சொல், அடுத்த வரியின் தலைக்கு அது போகக் கூடாது. ‘போது’, ‘பிறகு’, ‘ஆல்’ என்று முடிகிற சொற்கள் எல்லாம் அப்படித்தான். ‘நேற்று வந்த’ என்று ஒரு வரி, ‘பையன்’ என்று அடுத்த வரி என்றும் பிரிக்காதே. ஒரு வரிக்குப் பத்து, பன்னிரண்டு எழுத்து என்பது என் கைக்கணக்கு. அதற்குள் நீயே உடைத்துவிட்டால் செயலிக்கு உடைக்க வேலையே இருக்காது. நேரம் வினாடிக்குப் பத்து எழுத்து. அவள் பேசி முடித்தபின் அதே ஷாட் ஓடுகிறது, அதனால் அரை வினாடி, அதாவது பன்னிரண்டு ஃபிரேம் நீட்டியிருக்கிறேன். அடுத்ததற்கு முன் இரண்டு ஃபிரேம் இடைவெளி விடு. விடாவிட்டால் சப்டைட்டில் மாறியதே கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று. 112-ஐ ‘அந்தப் பையனைக்’ என்று முடித்துவிட்டு, 113-ஐ ‘கூப்பிடு’ என்று தொடங்கியிருக்கிறாய். நடுவே அதைப் பேசுகிற நடிகர் பீடி பற்றவைக்கிறார் ஐயா! பேச்சு நின்ற இடத்தில் ஒற்று எங்கிருந்து வந்தது? சொற்கள் ஒட்டி ஒலித்தால்தான் ஒற்று மிகும். இரண்டு வரிக்கு நடுவே ஒற்றில் முடிந்தால் வாயை மூடிக்கொள்வேன், கண் உடனே கீழே போய்விடுகிறது. ஒரு சப்டைட்டிலே ஒற்றில் முடிந்து மறைவதைச் சகிக்க மாட்டேன். ‘அந்தப் பையனை...’ என்று விட்டுவிடு. இலக்கணம் படித்த யாராவது சண்டைக்கு வந்தால் என்னிடம் அனுப்பு.

பாராட்டவே மாட்டாயா என்று கேட்பாய். கடைசியில் அவள் மகன் பெயரைக் கூவும் மூன்று இடங்களிலும் நீ ஒன்றுமே போடவில்லை. கீழே வெற்றிடம், மேலே கடல். நானாக இருந்தால் பெயரைப் போட்டு ஆச்சரியக்குறியும் வைத்துக் கெடுத்திருப்பேன். இந்த வேலையில் இருப்பவர்களில் அப்படிக் கையை மடக்கிக்கொள்ளத் தெரிந்த இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

87-ஐயும் 112-ஐயும் திருத்து, ஒட்டிய இடைவெளிகளையெல்லாம் பிரித்து எடு. பிறகு கணினியில் பார்க்காமல் போனை நேராகப் பிடித்து, எழுத்தளவைப் பெரிதாக்கி, ஒருமுறை முழுப்படத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பு.