மூடி திருகும்போது 'டக்'குன்னு சத்தம் வந்ததா?



போன மாதம் குரும்பலூர் குழுக் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார்: "பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்கினேன். திருகினா சத்தமே வராம சுலபமா திறந்துருச்சு. கொடுக்கலாமா?" கொடுக்கக் கூடாது என்றோம். ஏன் என்பதை எல்லோருக்குமாகச் சொல்லவே இந்தப் பாடம்.

பாட்டில் மூடியின் அடியில் ஒரு வளையம் இருக்கும். மூடியையும் அதையும் சின்னச் சின்னக் கண்ணிகள் இணைத்திருக்கும். முதல் தடவை திருகும்போது கண்ணிகள் அறுந்து 'கரக்'கென்று சத்தம் வரும். வளையம் கழுத்திலேயே நிற்கும், மூடி மட்டும் மேலே வரும். சத்தம் வராவிட்டாலும், வளையம் முன்பே அறுந்திருந்தாலும், மூடியோடு சேர்ந்து சுற்றினாலும் சந்தேகம்தான். பசை வைத்து ஒட்டிய வளையத்தில் கண்ணிகள் சீராக இருக்காது, பளபளவென்று பசைத் தடம் தெரியும். வாங்கும்போது வெளிச்சத்தில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

இந்தப் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியதற்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரையைச் சாப்பிட்ட 7 பேர் இறந்தார்கள். கடையில் இருந்த பாட்டில்களில் யாரோ சயனைடு கலந்த மாத்திரைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். திறந்து மூடினால் தடயமே தெரியாத பாட்டில் அது. செய்தவர் யார் என்று கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. சில வாரங்களிலேயே அந்த மருந்து ஒட்டிய அட்டைப்பெட்டி, கழுத்தில் பிளாஸ்டிக் உறை, வாயில் ஒட்டிய தாள் என்று மூன்று தடுப்போடு திரும்ப வந்தது.

அந்த மூன்றாவது தடுப்பு ஊறுகாய், தொக்கு போடும் நம் குழுக்களுக்கும் வேண்டியது. 'சில்வர் பேப்பர்' என்கிறோமே, அது மூடிக்குள்ளேயே வட்டமாக வைத்து வரும். அலுமினியத் தாளின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். நிரப்பி, மூடியை இறுக்கி, சீல் மெஷினைச் சில விநாடி மேலே வைத்தால் போதும். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் மட்டும் சுடுகிறதே, அதுபோல அலுமினியம் மட்டும் சுட்டு, பூச்சு உருகி பாட்டில் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

இதில் தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாட்டில் வாயில் எண்ணெய். கரண்டியில் அள்ளிப் போடும்போது விளிம்பில் ஒரு சொட்டு பட்டாலும் அந்த இடத்தில் ஒட்டாது. வெளியே பார்த்தால் தெரியாது, பஸ்ஸில் போகும்போது கசியும். அதனால் நிரப்பியதும் சுத்தமான உலர்ந்த துணியால் விளிம்பைத் துடையுங்கள், மேலே ஒரு விரற்கடை இடம் விடுங்கள். மூடி தளர்ந்திருந்தாலும் ஒட்டாது. நேரம் கூடினால் தாள் கருகும். பூச்சு பாட்டிலின் பிளாஸ்டிக்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், வாங்கும்போதே கடைக்காரரிடம் பாட்டிலைக் காட்டிக் கேளுங்கள்.

ஒவ்வொரு முறை போடும்போதும் இரண்டு பாட்டிலை எடுத்து, நன்றாக ஆறியதும் மூடியைத் திறந்து பாருங்கள். தாள் சுற்றிலும் ஒட்டியிருக்கிறதா? பிறகு செய்தித்தாள் மேல் இரவு முழுக்கத் தலைகீழாக வையுங்கள். காலையில் எண்ணெய்க் கறை இருந்தால் அந்தத் தடவை போட்டது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சோதனைக்குத் திறந்த பாட்டிலை மூடி விற்பனைக்கு வைக்காதீர்கள். வளையம் அறுந்துவிட்டது, வாங்குகிறவருக்கு நம் கதை தெரியாது. வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடி ஜாடியில் ஜாம் வாங்கினால் சில மூடிகளின் நடுவே சின்னப் பொத்தான் போல இருக்கும். சூடாக நிரப்பி மூடியது ஆறும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து அது பள்ளமாக இறங்கும். முதலில் திறக்கும்போது 'டக்'கென்று மேலே எழும். கடையிலேயே மேலே எழும்பி, அமுக்கினால் 'டக் டக்' என்று ஆடினால் காற்று புகுந்துவிட்டது, அல்லது உள்ளே கெட்டு வாயு உண்டாகிறது. அதை ருசி பார்த்துச் சோதிக்க வேண்டாம்.

சீல் போனதெல்லாம் விஷம் என்று அர்த்தமில்லை. வண்டியில் அடிபட்டும் அறுந்திருக்கலாம். ஆனால் எது என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாதே! மிச்சத்தைக் கொட்டாமல் பாட்டிலையும் பில்லையும் எடுத்துப் போய் மாற்றிக் கேளுங்கள். மாற்ற மறுத்தால் உணவுக்கு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும், மருந்துக்கு மருந்து ஆய்வாளரிடமும் சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் பல குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த விஷம் மருந்து தயாரித்த இடத்திலேயே கலந்தது. கம்பெனியை விட்டு வந்த பிறகு யாரும் திறக்கவில்லை என்பதை மட்டுமே சீல் சொல்லும், உள்ளே போட்டது நல்லதா என்று சொல்லாது. அந்தச் சகோதரியிடமும் இதைச் சொன்னோம். அவர் பாட்டிலை மாற்றி வாங்கியதோடு விடாமல், டாக்டரிடம் காட்டிக் கேட்ட பிறகே பிள்ளைக்குக் கொடுத்தார்.