ஸ்டிக் எப்போது அணைகிறது? காரணம் அதில்தான் இருக்கிறது

திறன் வகுப்பறைத் தொலைக்காட்சியில் செருகிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக், பாடக் காணொலியின் நடுவே அணைந்து மீண்டும் மீண்டும் தொடங்குவதுண்டு. பழுது என்று ஒதுக்கும் முன் அது எந்த நேரத்தில் அணைகிறது என்று கவனித்தால், காரணம் பெரும்பாலும் பிடிபடும்.

எங்கள் பள்ளியில் முகப்புத் திரை ஒழுங்காக வரும். காணொலி ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். ஸ்டிக்குக்கு மின்சாரம் தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையிலிருந்து வந்தது. யுஎஸ்பி 2.0 துளைக்கு வரையறுக்கப்பட்ட அளவு 5 வோல்ட், 0.5 ஆம்பியர்; அதாவது 2.5 வாட். ஸ்டிக்குடன் வந்த அடாப்டரிலோ 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தது; அதாவது 5 வாட். முகப்புத் திரைக்குக் குறைந்த மின்னோட்டம் போதும். காணொலி ஓடும்போது வைஃபையும் செயலியும் சேர்ந்து கூடுதலாகக் கேட்கின்றன. துளையால் அதைத் தர முடியாதபோது மின்னழுத்தம் சரிந்து ஸ்டிக் அணைகிறது.

அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகினோம். அணைவது குறைந்தது, நிற்கவில்லை. அடுத்து ஒயரைப் பார்த்தோம். அது வேறொரு கருவிக்கான, நீளமான மெல்லிய ஒயர். பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் இதையே ஓம் விதிக் கணக்காகக் கொடுத்தேன். ஒயரில் மின்னோட்டம் போய்வரும் பாதையின் மொத்தத் தடை 0.8 ஓம் எனக் கொள்வோம். 0.3 ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.24 வோல்ட், ஸ்டிக்குக்கு 4.76 வோல்ட் கிடைக்கும். 1 ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.8 வோல்ட், கிடைப்பது 4.2 வோல்ட்தான். ஸ்டிக்குடன் வந்த ஒயரை மாற்றியதும் அணைவது நின்றது.

அரை மணி நேரம் நன்றாக ஓடிய பின் அணைந்து, ஆறவைத்தால் மறுபடி ஓடினால், அது சூட்டின் அடையாளம். சுவரை ஒட்டிய தொலைக்காட்சியின் பின்னால் காற்றோட்டம் இருக்காது. சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயரில் ஸ்டிக்கை வெளியே தொங்கவிடலாம். செட்டாப் பாக்ஸ் என்றால் அதன் காற்றுத் துளைகளைத் துணியோ புத்தகமோ மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செட்டாப் பாக்ஸின் அடாப்டரை மாற்றும்போது வோல்ட் அளவும் முனையின் துருவமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். தனியே எடுத்து மல்ட்டிமீட்டரில் அளந்தால் பலவீனமான அடாப்டரும் சரியான வோல்ட்டையே காட்டக்கூடும். சுமை ஏறியபின்தான் சரியும். அதனால் அதே அளவுள்ள வேறொரு நல்ல அடாப்டரைப் பொருத்திப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

சரியான அடாப்டர், சரியான ஒயர், நல்ல காற்றோட்டம் மூன்றும் இருந்தும் அணைந்தால், அமைப்புகளில் உள்ள தொழிற்சாலை மீட்டமைப்பை ஒருமுறை செய்து பார்க்கலாம். அதன் பிறகும் அணைந்தால் கோளாறு கருவிக்குள் இருக்கிறது. பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே வழி.