பாட்டி கட்டிய பை: தன்னனுபவக் கட்டுரை எழுதும் முறை

மாணவர்களே, தன்னனுபவக் கட்டுரையில் நாம் பட்ட துன்பத்தையோ மகிழ்ச்சியையோ எழுத நேர்கிறது. அப்போது பலரும் உடனே நாடும் சொற்கள் சில உண்டு: ‘தாங்க முடியாத வேதனை’, ‘எல்லையற்ற ஆனந்தம்’, ‘சொல்ல வார்த்தைகளே இல்லை’. இறுதியாகச் சொன்ன தொடரை விடைத்தாள்களில் அடிக்கடி காண்கிறேன். வார்த்தைகளே இல்லை என்று எழுதிய பின்னரும் அரைப்பக்கம் எழுதப்பட்டிருப்பதையும் காண்கிறேன்!

உணர்ச்சியின் பெயரைச் சொல்வது வேறு. படிப்பவர் அவ்வுணர்ச்சியை அடையுமாறு எழுதுவது வேறு. இரண்டாவதற்கு உதவும் மூன்று எளிய கருவிகளை இப்பாடத்தில் காண்போம். அவை பட்டியல், திரும்பக் கூறல், குறுந்தொடர் என்பன. இப்பாடத்திற்கென எழுதப்பட்ட இரண்டு பத்திகளை முதலில் படியுங்கள். இரண்டும் ஒரே செய்தியைக் கூறுகின்றன. கோடை விடுமுறைக்கு மதுரைக்குச் சென்று, திருக்குறள் விரைவு வண்டியில் தில்லி திரும்பும் ஒரு மாணவியின் கூற்றாக அவை அமைந்துள்ளன.

முதல் பத்தி

என் பாட்டி எங்கள்மேல் அளவற்ற அன்பு கொண்டவர். ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் தில்லி திரும்பும்போது பலவகையான தின்பண்டங்கள் முதலியவற்றை அன்போடு கட்டிக் கொடுப்பார். சென்ற ஆண்டு பாட்டி காலமானார். இவ்வாண்டு ஊரிலிருந்து திரும்பியபோது தாங்க முடியாத துயரம் என்னை வாட்டியது. பாட்டியின் பிரிவை வார்த்தைகளால் விவரிக்க இயலாது.

இரண்டாம் பத்தி

திரும்பும் நாளில் பாட்டி பை கட்டுவார். கொட்டை எடுத்த புளி, இரண்டு கிலோ. மிளகாய் வற்றல். உடையாமலிருக்கப் பழைய வேட்டித் துணியில் பொதிந்த கூழ்வற்றல். மாவடு ஒரு பாட்டில். மூடியின்மேல் பாலித்தீன், அதன்மேல் நூல். அப்பாவுக்கு அதிரசம். எனக்கு எள்ளுருண்டை. ரயிலில் உண்ணப் புளிச்சோறு.

“இதெல்லாம் அங்கேயே கிடைக்கும், அம்மா” என்பார் அப்பா.

“கிடைக்கும்” என்பார் பாட்டி. முடிச்சை இறுக்குவார்.

இவ்வாண்டு திரும்பும் நாளில் அப்பா பை கட்டினார். பாட்டியின் மூக்குக்கண்ணாடி. வங்கிக் கணக்குப் புத்தகம். இறப்புச் சான்றிதழின் நகல்கள், ஐந்து. அடுக்களை அலமாரியில் எஞ்சியிருந்த மாவடு ஒரு பாட்டில். மூடியின்மேல் பாலித்தீன், அதன்மேல் நூல். ரயிலில் உண்ண நிலையத்தில் வாங்கிக்கொண்டோம்.

தில்லிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நூலை இன்னும் அவிழ்க்கவில்லை.

பட்டியல்

இரண்டாம் பத்தியில் ‘அன்பு’ என்னும் சொல் இல்லை, ‘துயரம்’ இல்லை, ‘காலமானார்’ என்பதும் இல்லை. ஆயினும் பாட்டி இறந்த செய்தியை நாம் அறிந்துகொள்கிறோம். ‘இறப்புச் சான்றிதழின் நகல்கள், ஐந்து’ என்னும் தொடரில் அச்செய்தி ஒரு பொருளாக வந்து பைக்குள் அமர்கிறது. ஒருவர் இறந்தபின் வங்கிக்கும் பிற அலுவலகங்களுக்கும் அந்நகல்கள் தேவைப்படும் என்பதைப் பெரியவர்கள் அறிவர். அந்த ‘ஐந்து’ என்னும் எண், அப்பா இனி ஏறி இறங்கவேண்டிய படிகளையும் சொல்லிவிடுகிறது.

முதல் பத்தியில் ‘தின்பண்டங்கள் முதலியவற்றை’ என்று உள்ளது. ‘முதலிய’, ‘போன்ற’, ‘பலவகையான’ ஆகிய சொற்கள் பட்டியலைத் தொடங்குமுன்னரே மூடிவிடுகின்றன. அவை எந்தப் பாட்டிக்கும் பொருந்தும். ஆகவே எவர் பாட்டியும் கண்முன் வருவதில்லை. பொருளின் பெயர், அதன் அளவு, அதை எவ்விதம் கட்டினார் என்னும் விவரம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றாவது இருக்குமாறு எழுதுங்கள். புளியின் கொட்டையை எடுப்பது கைவலிக்கும் வேலை. பாட்டி அதை இரண்டு கிலோ அளவுக்குச் செய்திருக்கிறார். ‘அன்போடு’ என்னும் அடைமொழி செய்ய முயன்றதை இவ்விவரம் ஓசையின்றிச் செய்துவிடுகிறது.

பொருள்களின் வரிசையும் கருதத்தக்கது. பொதுவான பொருள்கள் முன்னும், இன்னாருக்கு என்று குறித்தவை பின்னும் வந்துள்ளன. புளியும் மிளகாயும் வீட்டுக்கு, அதிரசம் அப்பாவுக்கு, எள்ளுருண்டை எனக்கு. எள்ளுருண்டையை முதலில் வைத்துப் புளியை இறுதியில் வைத்துப் படித்துப் பாருங்கள். பட்டியல் மளிகைச் சீட்டாகிவிடும். பட்டியலின் கடைசி இடமே படிப்பவர் நினைவில் தங்கும் இடம். பொருள்களின் எண்ணிக்கை மிகுந்தாலும் இக்குறை நேரும். பத்துப் பதினைந்து பொருள்களை அடுக்கினால், எது முக்கியம் என்பதை எழுதியவரே அறியார் என்னும் ஐயம் படிப்பவருக்குத் தோன்றும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கியுள்ளார் என்று நீங்கள் மறுமொழி கூறலாம். அது மலை வளத்தையும் விளையாடும் பெண்களின் களிப்பையும் காட்டும் அடுக்கு. நாம் எழுதுவது ஒரு பையைப் பற்றி.

ஒரு சிறு குறிப்பு. கூழ்வற்றல் என்று இங்கே எழுதியிருப்பதை உங்கள் வீட்டில் வடகம் என்றோ வடாம் என்றோ கூறக்கூடும். உங்கள் வீட்டார் வழங்கும் பெயரையே எழுதுங்கள். பெயர் தெரியாவிடில் அம்மாவிடமோ ஊரிலுள்ள உறவினரிடமோ கேளுங்கள். இந்தியில் மட்டுமே பெயர் தெரிந்த பொருளாயின் அதையே தமிழ் எழுத்தில் எழுதலாம். பொதுச்சொல்லைவிட அது மேல்.

திரும்பக் கூறல்

‘மாவடு ஒரு பாட்டில், மூடியின்மேல் பாலித்தீன், அதன்மேல் நூல்’ என்னும் தொடர் இருமுறை வருகிறது. ஓர் எழுத்தும் மாறவில்லை. முதன்முறை அது உப்புநீர் ஒழுகாமலிருக்கப் பாட்டி செய்யும் ஏற்பாடு. இரண்டாம் முறை அதே நூல், பாட்டி இறுதியாகக் கட்டிய நூல். தொடர் மாறாமல் நிற்க, அதைச் சூழ்ந்த யாவும் மாறிவிட்டன. புதிய சொற்களால் அதை வருணித்திருந்தால் இந்த வேறுபாடு புலப்பட்டிராது.

மற்றொரு தொடர் சிறு மாற்றத்துடன் திரும்ப வருகிறது. ‘திரும்பும் நாளில் பாட்டி பை கட்டுவார்’ என்பது ‘இவ்வாண்டு திரும்பும் நாளில் அப்பா பை கட்டினார்’ என்றாகிறது. எழுவாய் மாறியது, வினைமுற்றின் காலமும் மாறியது. தமிழில் ‘கட்டுவார்’, ‘என்பார்’, ‘இறுக்குவார்’ போன்ற எதிர்கால வினைமுற்றுகள் வழக்கமாக நிகழ்வதையும் உணர்த்தும். ஆண்டுதோறும் இவ்வாறே நடந்தது என்று தனியே எழுதவேண்டியதில்லை. வினைமுற்றே அதைச் சொல்லும். ‘கட்டினார்’ என்னும் இறந்தகாலம் வந்தவுடன் அவ்வழக்கம் அறுந்ததை உணர்கிறோம். இத்தகைய வசதி நம் மொழியின் இலக்கணத்திலேயே அமைந்துள்ளது. இதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள்.

இம்முறை புதிதன்று. பறம்புமலையை ஆண்ட பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய பாடல் புறநானூற்றில் 112ஆம் பாடலாக உள்ளது. ஐந்தே அடிகள். அந்த மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் அவர்கள் எதிரெதிரே வைக்கின்றனர். நிலவு அதே வெண்ணிலவு. அன்று தந்தை இருந்தார், மலையும் தம்முடையது. இன்று மலையைப் பகைவேந்தர் கொண்டனர், தந்தையும் இல்லை. இவ்வளவே செய்தி. அழுதோம் என்றோ வருந்தினோம் என்றோ ஒரு சொல்லும் இல்லை. இதில் நுட்பமாகக் காணவேண்டியது ஒன்று உண்டு. முதலில் தந்தை, பிறகு மலை என்று வந்த வரிசை, இரண்டாம் முறை மலை, பிறகு தந்தை என்று தலைகீழாகிறது. அதனால் தந்தை இல்லை என்பதே பாடலின் கடைசிச் செய்தியாக நின்றுவிடுகிறது. திரும்பக் கூறும்போது எதை மாற்றாமல் வைப்பது, எதை மாற்றுவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் அறியேன்.

திரும்பக் கூறலுக்கு அளவும் உண்டு. மாவடுத் தொடரை மூன்றாம் முறையும் எழுதியிருந்தால் படிப்பவர் எழுத்தாளரின் கையைக் காணத் தொடங்குவார். ஆகவேதான் இறுதியில் முழுத்தொடரும் வராமல் ‘நூலை’ என்னும் ஒரு சொல் மட்டும் வருகிறது.

குறுந்தொடர்

தமிழில் எடுத்து, மடித்து, பொதிந்து, வைத்து என்று வினையெச்சங்களை அடுக்கி எவ்வளவு நீண்ட தொடரையும் அமைக்கலாம். அது ஓடிக்கொண்டே இருக்கும். வினைமுற்று வருமிடத்தில் தொடர் நிற்கும், படிப்பவரும் நிற்பார். எங்கே நிற்கவேண்டும் என்று நீங்கள் கருதுகிறீர்களோ அங்கே தொடரை முடியுங்கள்.

‘பாட்டி “கிடைக்கும்” என்று கூறிவிட்டு, அதைப் பொருட்படுத்தாமல் முடிச்சை இறுக்குவார்’ என்று ஒரே தொடராகவும் எழுதியிருக்கலாம். பிழையில்லை. ஆனால் ‘பொருட்படுத்தாமல்’ என்னும் விளக்கம் உள்ளே நுழைந்துவிட்டது. தொடரை இரண்டாக்கினால் இடையில் ஒரு மௌனம் பிறக்கிறது. மகனின் பேச்சைப் பாட்டி மறுக்கவில்லை, முடிச்சையும் தளர்த்தவில்லை. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணும் வேலையைப் படிப்பவர் செய்துகொள்வார்.

எல்லாத் தொடர்களையும் குறுக்கிவிட்டால் கட்டுரை தந்திச் செய்திபோல் ஆகிவிடும். நீண்ட தொடரின் அருகில் இருந்தால்தான் குறுந்தொடர் குறுகியதாகத் தோன்றும். உங்கள் பத்தியை உரக்கப் படியுங்கள். ஒவ்வொரு தொடரிலும் ஒரே அளவு மூச்சுச் செலவானால், சிலவற்றை இணைத்து எழுதவேண்டும் என்பது பொருள். மூன்று புள்ளிகளும் வியப்புக்குறிகளும் குறுந்தொடரின் வேலையைச் செய்யமாட்டா.

எதை மறைக்கலாகாது?

உணர்ச்சியை விளக்காமல் விடுவது வேறு. செய்தியை மறைப்பது வேறு. இரண்டாம் பத்தியிலிருந்து இறப்புச் சான்றிதழை நீக்கிவிட்டால் பாட்டி எங்கே போனார் என்பது புதிராகும். படிப்பவர் வருந்துவதற்கு மாறாக விடையைத் தேடிக்கொண்டிருப்பார். யார், எங்கே, என்ன நடந்தது என்பவை தெளிவாக இருக்கட்டும். அதைப் பற்றி நீங்கள் என்ன உணர்ந்தீர்கள் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இறுதித் தொடருக்குப்பின், ‘அந்நூலைக் காணும்போதெல்லாம் பாட்டியின் அன்பு என் நினைவுக்கு வருகிறது’ என்று ஒரு தொடர் எழுதக் கை ஊறும். எழுதிப் பாருங்கள், பிறகு அதை விரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.

பயிற்சி

1. முதல் பத்தியில் வேறு எந்தப் பாட்டிக்கும் பொருந்தும் சொற்களை அடிக்கோடிடுக.

2. இரண்டாம் பத்தியில் ‘ரயிலில் உண்ண’ என்னும் தொடர் இருமுறை வருகிறது. மாறியது யாது? அம்மாற்றம் எதை உணர்த்துகிறது? இரண்டு தொடர்களில் எழுதுக.

3. உங்கள் குடும்பம் ஒரு வீட்டைக் காலி செய்த நாளையோ, ஒருவரை ரயில் நிலையத்தில் வழியனுப்பிய நாளையோ எண்ணிக்கொள்க. அன்று கையிலோ பெட்டியிலோ இருந்த பொருள்களுள் ஏழின் பெயரை எழுதுக. கடைசியில் வரவேண்டிய பொருள் எது என்று முடிவு செய்து வரிசையை மாற்றுக. உணர்ச்சியைக் குறிக்கும் பெயர்ச்சொல் ஒன்றும் வராமல் பன்னிரண்டு தொடர்களில் ஒரு பத்தி எழுதுக. ஒரு தொடராவது இருமுறை வருதல் வேண்டும்.