கிலோவில் பில், பீஸில் சலான்

கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பில் பாஸ் செய்வது என் வேலை. பர்ச்சேஸ் ஆர்டர், டெலிவரி சலான், பில் மூன்றையும் ஒப்பிட்டு, ஒத்துவராத பில்லை ஹோல்டில் போடுவேன். “அக்கவுண்ட்ஸ்ல பில்லை முடக்கி வைக்கிறாங்க” என்று எங்கள் பர்ச்சேஸ் பிரிவிலிருந்து பலமுறை புகார் போனது. எதற்காக முடக்கினேன், முடக்க விடாதபோது என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன். ஃபவுண்டரியில் காஸ்டிங் வாங்குகிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

பில்லிலிருந்து எடுக்க வேண்டிய விவரங்கள் அதிகமில்லை: பி.ஓ. எண், சலான் எண், ஐட்டம் கோடு, அளவு, அலகு, விலை. இ-இன்வாய்ஸ் என்றால் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தாலே இரு தரப்பு ஜி.எஸ்.டி. எண்ணும், பில் எண்ணும், தேதியும், மொத்தத் தொகையும் பிழையில்லாமல் வந்துவிடும். ஆனால் பி.ஓ. எண்ணும் ஒவ்வொரு ஐட்டத்தின் அளவும் அந்தக் கோடில் இருக்காது. அவற்றைப் பில்லைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். சின்ன ஃபவுண்டரிகள் பலவற்றுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமும் இல்லை. சலான் கையெழுத்தில் வரும், 1-ம் 7-ம் ஒன்றுபோல இருக்கும். அதனால் சலான் எண்ணை மட்டும் நம்பாமல் சப்ளையர், தேதி, வண்டி எண் மூன்றையும் சேர்த்தே தேடுங்கள். இதெல்லாம் பழகினால் கைவந்துவிடும்.

எங்களுக்குப் பணம் போனது வேறு இடத்தில். ஒப்பிடுவதற்கு ஒரு சாஃப்ட்வேர் போட்டார்கள். அதை அமைக்க வந்தவர் பர்ச்சேஸ் பிரிவோடு மட்டும் உட்கார்ந்து பேசிவிட்டு மூன்று விதிகள் வைத்தார். பி.ஓ.வில் உள்ள விலையும் பில் விலையும் ஒன்றாக இருக்க வேண்டும். சலானில் உள்ள பீஸ் எண்ணிக்கையும் ஸ்டோர்ஸ் எண்ணி வாங்கியதும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லில் உள்ள கிலோவும் எங்கள் வே பிரிட்ஜ் எடையும் ஒன்றாக இருக்க வேண்டும். கேட்கும்போது குறை எதுவும் தெரியாது. ஆனால் ஒரு பீஸ் எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்ற கேள்வி இந்த மூன்றில் எதிலும் இல்லை. காஸ்டிங் வியாபாரத்தில் ஆர்டர் பீஸில், சலான் பீஸில், பணம் மட்டும் கிலோவில். இரண்டையும் இணைப்பது டிராயிங் எடை ஒன்றுதான். எங்கள் பழைய பி.ஓ. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. புதிய சாஃப்ட்வேரில் “தேவையில்லாத ஃபீல்டு” என்று அதை எடுத்துவிட்டார்கள். வேண்டும் என்று நான் எழுதியே கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை.

விஷயம் வெளியே வந்தது மெஷின் ஷாப்பிலிருந்து. “மேடம், இந்தக் கேசிங்ல முன்னெல்லாம் ஒரு கட் எடுத்தாப் போதுமுங்க. இப்ப ரெண்டு ஓட்ட வேண்டியிருக்கு, பீஸ் கனமா வருது” என்றார் சூப்பர்வைசர். அந்த லோடின் காகிதங்களை எடுத்தேன். பி.ஓ. 400 பீஸ், கிலோ 92 ரூபாய். சலான் 400, ஸ்டோர்ஸ் எண்ணியதும் 400. பில் 4,640 கிலோ, வே பிரிட்ஜும் அதையே காட்டியது. எல்லாம் பச்சை. டிராயிங்கில் கேசிங் எடை 11.2 கிலோ. அதை 400-ஆல் பெருக்கினால் 4,480. ஆக 160 கிலோ அதிக இரும்புக்கு 14,720 ரூபாய், அதுவும் ஒரே லோடில். அந்த இரும்பை மறுபடி கூலி கொடுத்துக் கடைந்து, தூளாக்கி, ஸ்கிராப் விலைக்கு விற்றுக்கொண்டிருந்தோம்.

ஃபவுண்டரி எடையில் ஏமாற்றவில்லை. இரும்பு உண்மையாகவே வந்தது. மணல் மோல்டு போதிய கெட்டியில்லாமல் விரிந்தால் காஸ்டிங்கின் சுவர் தடித்துவிடும். கிலோவுக்குப் பணம் வாங்குகிற ஃபவுண்டரிக்கு அதைச் சரிசெய்ய அவசரம் கிடையாது. பழைய லோடுகளுக்குப் பணம் திரும்பக் கேட்கப் போனபோது அவர்கள் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை: “உங்க பி.ஓ.ல எடை எங்கீங்க போட்டிருக்கு?” அந்தக் கட்டத்தை எடுத்தவர்கள் அன்று அந்த மீட்டிங்கில் இல்லை.

அதன் பிறகு டிராயிங் எடையைச் சேர்த்தார்கள். கூடவே, பில்கள் தேங்கக்கூடாது என்று 5 சதவீதம் வரை தானாகப் பாஸ் ஆகும்படி வைத்தார்கள். மேலே சொன்ன லோடில் வித்தியாசம் 3.6 சதவீதம்தான். அதே பில் மறுபடி வந்தாலும் பாஸ் ஆகியிருக்கும். காஸ்டிங்கில் எடை ஏறி இறங்குவது இயல்பு என்பது எனக்கும் தெரியும். ஆனால் இயல்பான வித்தியாசம் ஒரு லோடில் கூடும், இன்னொன்றில் குறையும். எல்லா லோடிலும் கூடிக்கொண்டே போனால் அச்சிலோ மோல்டிலோ ஏதோ மாறிவிட்டது. தனித்தனி பில்லைப் பார்த்தால் இது தெரியாது. அதனால் கூட்டல் கழித்தல் குறியோடு வித்தியாசத்தைச் சேர்த்துக்கொண்டே வரும் ஒரு எக்செல் ஷீட்டை நானே போட்டேன். B-யில் சப்ளையர், C-யில் ஐட்டம் கோடு, G-யில் இருக்க வேண்டிய எடை, H-ல் பில் எடையிலிருந்து அதைக் கழித்தது:

```
=SUMIFS(H:H,B:B,B2,C:C,C2)/SUMIFS(G:G,B:B,B2,C:C,C2)
```

ஒரு பில்லுக்கு 5 சதவீதம் என்பதை அவர்கள் விருப்பப்படியே விட்டுவிட்டேன். இந்தக் கூட்டு விகிதம் 1 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் சிவப்பு. நன்றாக ஓடும் ஐட்டங்களில் இது பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. கேசிங்கில் சில லோடுகளிலேயே சிவந்துவிட்டது. நிதியாண்டு மாறும்போதும் அச்சு புதிதாகும்போதும் ஷீட்டைப் புதிதாகத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பழைய கணக்கு புதிய கோளாறை மூடிவிடும்.

சிவப்பு வந்ததும் ஃபோனில் பேசி முடிப்பது எங்கள் பர்ச்சேஸ் பிரிவின் பழக்கம். அது ஆகாது. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கவும் முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். நம் ஃபவுண்டரிகள் பெரும்பாலும் இந்த வகைதான். ஆகவே ஒப்பிடுவதை மாதக் கடைசிக்கு ஒதுக்காமல் சரக்கு இறங்கிய வாரத்திலேயே செய்யுங்கள். பி.ஓ. எண், சலான் எண், இருக்க வேண்டிய எடை, வந்த எடை நான்கையும் எழுதி மெயில் அனுப்புங்கள். தகராறு இல்லாத தொகையைக் காலத்தில் கொடுத்துவிடுங்கள், கூடுதல் கிலோவுக்கு மட்டும் கிரெடிட் நோட் கேளுங்கள். பில் முழுவதையும் நிறுத்திவைத்தால் நம் மீதுதான் வட்டி ஏறும்.

இப்போது எங்கள் காஸ்டிங் பி.ஓ. எல்லாவற்றிலும் ஒரு வரி அச்சாகிறது: பணம் தரப்படும் எடை, டிராயிங் எடையும் அதற்கு மேல் 1 சதவீதமும் மட்டுமே. அந்த வரி இல்லாத பி.ஓ.வுக்கு வந்த பில்லை நான் பாஸ் செய்வதில்லை. பர்ச்சேஸில் இன்னமும் புகார் சொல்கிறார்கள். கேசிங் ஃபவுண்டரி மோல்டைக் கெட்டியாகப் போடத் தொடங்கிவிட்டது. கடைசியாக வந்த லோடில் சராசரி 11.25 கிலோ.