கிரியேட்டினினுக்கு முன்னால் யூரோபேக்கைப் பாருங்கள்

கேள்வி: சிஸ்டர், இரும்புலியூரில் தங்கி நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ் பற்றிய பாடத்தில் கவனிக்க வேண்டியவை நீளமான பட்டியலாக இருக்கின்றன. வார்டில் நிற்கும்போது எதை முதலில் பார்ப்பது?

பதில்: முதலில் சிறுநீர் அளவு, டயாலிசிஸ் தொடங்கியபின் பி.பி. நம் பகுதியில் வரக்கூடிய ஒரு நோயாளியை வைத்தே சொல்கிறேன்.

2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளம் சூழ்ந்ததுபோல், மழைநீர் தேங்கும் காலங்களில் எலிக்காய்ச்சல் வரக்கூடும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து கிருமி, காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக உடலுக்குள் போகிறது, சிறுநீரகத்தையும் தாக்குகிறது. அப்படி நீரில் நடந்த 60 கிலோ எடையுள்ள ஒருவர் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலியோடு சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரியேட்டினின் முதல் நாள் 0.8, மறுநாள் 1.2. லேப் தாளில் இரண்டுமே நார்மல்தான். ஆனால் 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடினாலே அது திடீர்ப் பாதிப்பு. வடிகட்டுவது குறைந்தபின் கிரியேட்டினின் ரத்தத்தில் சேர்ந்து உயர நேரம் பிடிக்கும். சிறுநீர் பெரும்பாலும் அதற்கு முன்பே குறைந்துவிடும்.

கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லி என்பது கணக்கு. இவருக்கு மணிக்கு 30, ஆறு மணி நேரத்துக்கு 180 மில்லி. உங்கள் சார்ட்டில் 22, 20, 18, 15, 15, 12 என்று வந்தால் மொத்தம் 102தான். உடனே கதீட்டர் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, அடிவயிறு உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பி.பி., மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, காலை எடை ஆகியவற்றோடு டாக்டரை அழையுங்கள். எலிக்காய்ச்சலில் சிறுநீர் குறையாமலும் சிறுநீரகம் கெடலாம், பொட்டாசியம் இறங்கவும் செய்யலாம். அதனால் யூரோபேக் நிறைந்திருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

மருந்துக்கு இறங்காத பொட்டாசியம், நுரையீரலில் நீர், கடும் அமிலத்தன்மை, யூரியா கூடியதால் வரும் குழப்பம், இவற்றில் ஒன்று வந்தாலே டயாலிசிஸ் தேவைப்படலாம். அப்போது தொடங்குமுன்னும் முடித்தபின்னும் எடை பாருங்கள். இடையில் பி.பி.யை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். கொட்டாவி, வியர்வை, குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு ஆகியவை பி.பி. இறங்குவதற்கு முன்பே வரலாம். நீர் எடுப்பதை நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, டாக்டரை அழையுங்கள். யூனிட் நெறிமுறைப்படி சலைன் கொடுங்கள். இதை விரைந்து செய்யக் காரணம் உண்டு. இந்தச் சிறுநீரகம் மீளக்கூடியது. ஒவ்வொரு முறை பி.பி. சரியும்போதும் அதற்கு மீண்டும் ரத்தம் குறைகிறது, மீள்வது தள்ளிப்போகிறது. முதல் டயாலிசிஸில் தலைவலியும் குழப்பமும் வந்தாலும் சொல்லுங்கள். யூரியா வேகமாக இறங்கினால் மூளையில் நீர் கோக்கலாம்.

சில நாளில் இவருக்குச் சிறுநீர் நாளுக்கு மூன்று லிட்டருக்கு மேல் போகலாம். அது மீண்டு வரும் அறிகுறி. ஆனால் அதோடு உப்பும் பொட்டாசியமும் வெளியேறும். மணிக்கணக்குச் சார்ட்டை அப்போதும் நிறுத்தாதீர்கள்.