சந்திப் பிழை கடைசியில்

ஒன்பதாம் வகுப்பில் மொழிப்பயிற்சிக்காக எதைக் கொடுப்பது என்று தேடிக்கொண்டிருந்தபோது, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றிய ஒரு துண்டறிக்கை கைக்கு வந்தது. நான்கு பக்கம், பொடி எழுத்து. நல்ல நோக்கத்தோடு, சரியான செய்திகளோடு எழுதப்பட்டதுதான். ஆனால் ஒரு வாக்கியம் எட்டு வரிக்கு ஓடியது. ஒற்றுப்பிழைகளும் நிறைய. பிழை திருத்தப் பயிற்சிக்கு ஏற்றது என்று எடுத்துக்கொண்டேன். மூன்று பாடவேளைகள் ஆயின. முதல் பாடவேளையில் நான் நடத்திய முறையே தவறு என்பது அந்த மணி அடிப்பதற்குள் தெரிந்துவிட்டது.

கரும்பலகையில் எழுதிப்போட்ட பத்தி இது:

"வயிற்றுபோக்கினால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு வாய்வழி நீரேற்று உப்பு கரைசலானது பாதுகாக்கப்பட்ட குடிநீரில் ஒரு லிட்டர் அளவில் ஒரு பொட்டலம் முழுவதும் கரைக்கப்பட்டு 24 மணி நேரத்திற்குள் ஒவ்வொரு முறை மலம் கழித்த பின்பும் வயதிற்கேற்ற அளவில் வழங்கப்பட வேண்டும் மேலும் துத்தநாக மாத்திரைகள் வயிற்றுப்போக்கு நின்றாலும் 14 நாட்களுக்கு தொடர்ந்து வழங்கபட வேண்டும்."

மாணவர்கள் சிவப்புப் பேனாவை எடுத்தார்கள். வயிற்றுப்போக்கு, உப்புக் கரைசல், 14 நாட்களுக்குத் தொடர்ந்து, வழங்கப்பட என்று வரிசையாகத் திருத்தினார்கள். 'மேலும்' என்பதற்கு முன் முற்றுப்புள்ளி வைத்தார்கள். பத்து நிமிடத்தில் பத்தி சுத்தமாகிவிட்டது. நானும் பாராட்டிவிட்டு, பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேட்டேன்: "இதைப் படித்த ஒரு தாய், கரைசலை எத்தனை நேரம் கொடுப்பார்?"

"24 மணி நேரம்" என்றான் ஒருவன். "இல்லை, ஒரு நாளைக்குள் ஒரு லிட்டரையும் குடித்து முடிக்க வேண்டும்" என்றாள் இன்னொருத்தி. "வயிற்றுப்போக்கு தொடங்கி 24 மணி நேரத்திற்குள் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும்" என்றான் மூன்றாமவன். மூவரும் சொன்னது தவறு. கலக்கிய கரைசலை 24 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மீந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும் என்பதே செய்தி. கொடுப்பதையோ வயிற்றுப்போக்கு நிற்கும்வரை நிறுத்தக் கூடாது. முதல் மாணவன் சொன்னபடி ஒரு தாய் புரிந்துகொண்டால் இரண்டாம் நாள் கரைசலை நிறுத்திவிடுவார்.

ஒற்று எல்லாம் சரியாக இருக்கிறது. பொருள் மட்டும் தவறாகப் போகிறது. '24 மணி நேரத்திற்குள்' என்ற தொடர் எந்த வினையோடு சேர்கிறது என்று வாக்கியம் சொல்லவில்லை. முன்னால் 'கரைக்கப்பட்டு', பின்னால் 'கழித்த', 'வழங்கப்பட'. எதன்மேலும் அது ஏறிக்கொள்ளும். சிவப்புப் பேனாவுக்கு இது அகப்படாது.

இரண்டாம் பாடவேளையில் பேனாவை மூடி வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைகளை மட்டும் தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் யார், எதை, எவ்வளவு, எப்போது, எதுவரை என்று கேட்கச் சொன்னேன். மேலே உள்ள பத்தியில் இப்படி நான்கு செயல்கள் கிடைத்தன: கலக்குவது, கொடுப்பது, மீந்ததைக் கொட்டுவது, மாத்திரை கொடுப்பது. மூன்றாவது செயலுக்குத் துண்டறிக்கையில் வினையே இல்லை. '24 மணி நேரத்திற்குள்' என்பதற்குள் அது ஒளிந்திருந்தது. 'படு' சேர்ந்த செயப்பாட்டு வினையை எடுத்துவிட்டு ஏவலாக மாற்றினோம். யார் செய்வது என்ற கேள்விக்கு உடனே விடை கிடைத்தது. 'வழங்கப்பட வேண்டும்' என்றால் செவிலியர் வந்து வழங்குவாரோ என்று தோன்றும். 'கொடுங்கள்' என்றால் படிப்பவர்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து வந்தது இன்னும் ஆபத்தான வாக்கியம்: "தாய்ப்பாலை நிறுத்திவிட்டு கரைசலை மட்டும் கொடுக்கக் கூடாது." ஓர் ஒற்றைத் தவிர, இலக்கணப்படி இதில் குறை காண்பது கடினம். ஆனால் 'கூடாது' என்ற மறுப்பு எதுவரை போகிறது? 'நிறுத்திவிட்டு' என்பதையும் சேர்த்து மறுக்கிறது என்று கொண்டால் சரியான பொருள் வருகிறது. 'கொடுக்க' என்பதை மட்டும் மறுக்கிறது என்று கொண்டால், தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, கரைசலோடு வேறு எதையாவது சேர்த்துக் கொடுக்கலாம் என்றாகிறது. ஒரு மாணவி 'நிறுத்திவிட்டு' என்பதற்குப் பின் காற்புள்ளி வைத்துப் பார்த்தாள். நிலைமை மோசமானது, தவறான பொருளே முன்னால் வந்து நின்றது. பேசும்போது குரலை ஏற்றி இறக்கி நாம் சமாளித்துவிடுவோம். தாளில் குரல் இல்லை.

வினையெச்சத்துக்குப் பின் எதிர்மறை முற்று வந்தால் வாக்கியத்தை உடைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். "தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அதோடு கரைசலும் கொடுங்கள்." ஆறு சொற்களில் ஒரு சொல்தான் குறைந்தது, ஆனால் இரண்டாம் பொருளுக்கு இடமில்லை. எளிமையாக்குவது என்றாலே சுருக்குவது என்று மாணவர்கள் நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சுருக்குவதில் உள்ள ஆபத்து மாத்திரை வரியில் தெரிந்தது. ஒரு குழு மிகத் தெளிவாக, அழகாக எழுதியிருந்தது: "வயிற்றுப்போக்கு நிற்கும்வரை தினமும் ஒரு ஜிங்க் மாத்திரை கொடுங்கள்." பிழையே இல்லை, மருத்துவச் செய்தி மட்டும் தலைகீழ். துத்தநாகம் என்னும் ஜிங்க் மாத்திரையை, வயிற்றுப்போக்கு இரண்டே நாளில் நின்றாலும், 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். 'நின்றாலும்' என்பதில் உள்ள 'உம்'மைத்தான் அந்தக் குழு சுருக்கத்தில் தொலைத்தது. இடைச்சொல் பாடத்தில் உம்மைப் பொருள்களை மனப்பாடம் செய்தவர்கள்தான். ஓர் 'உம்' பன்னிரண்டு நாள் மருந்தைத் தின்றுவிட்டது என்று நான் சொன்னபோது, அந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை என்று தோன்றியது.

மூன்றாவது இடம், அபாய அறிகுறிகள். "கண்கள் குழிவிழுதல், சோர்ந்து கிடத்தல், தண்ணீர் குடிக்க இயலாமை மற்றும் மலத்தில் இரத்தம் காணப்பட்டால் மருத்துவமனைக்கு செல்லவும்." 'செல்லவும்' முன் ஒற்றுப் போட்டு எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். 'மற்றும்' என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினேன். நான்கும் சேர்ந்து வந்தால்தான் போக வேண்டுமா? குழந்தை தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் கிடக்கிறது, ஆனால் மலத்தில் இரத்தம் இல்லை. இந்த வாக்கியத்தின்படி அந்தத் தாய் வீட்டிலேயே இருக்கலாம். 'அல்லது' என்று மாற்றலாம் என்றான் ஒருவன். அதைவிட, "கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்:" என்று தொடக்கத்திலேயே சொல்லி முக்காற்புள்ளி வைத்து, ஒவ்வோர் அறிகுறியையும் தனி வரியில் எழுதுவது நல்லது என்று பேசி முடிவானது. முக்காற்புள்ளியின் வேலை என்ன என்று அன்று நான் தனியாக விளக்கவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மொழி ஆசிரியர் திருத்தலாம். மருத்துவச் செய்தியை மாற்றக் கூடாது. ஐயம் வந்த இடங்களைக் குறித்துக்கொண்டு எங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் போனேன். "டீச்சர், இதுல பாதி மாத்திரைன்னு ஒரு எடம் வரணுமே, எங்க?" என்று கேட்டார். 2 மாதம் முடிந்து 6 மாதம் ஆகாத குழந்தைக்கு 20 மில்லிகிராம் மாத்திரையில் பாதியை, ஒரு கரண்டி தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 6 மாதத்துக்கு மேல் முழு மாத்திரை. அது மூன்றாம் பக்க அடிக்குறிப்பில் இருந்தது. நாங்கள் அடிக்குறிப்பைப் படிக்கவே இல்லை. அபாய அறிகுறிகள் நான்காம் பக்கத்தில் கிடப்பதையும் அவர்தான் காட்டி, முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்.

அளவுக்கு டம்ளர் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு முறை போன பின்பும், 2 வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. 200 மில்லி டம்ளரில் கால் முதல் அரை, அரை முதல் ஒன்று. மாணவர்கள் வீட்டு டம்ளர்களைக் கொண்டுவந்து அளந்தபோது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கொடுக்கும் அளவில் சற்று முன்பின் ஆனால் பாதகமில்லை. கலக்கும் தண்ணீரில் அப்படி விட முடியாது. தண்ணீர் குறைந்தால் கரைசலில் உப்பு மிகும், அது குழந்தைக்குக் கெடுதல். ஆகவே கலக்குவதற்கு மட்டும் டம்ளரை விட்டு, எல்லா வீட்டிலும் கிடைக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எழுதினோம். 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் விற்பனையில் உண்டு என்பதால், பொட்டலத்தின்மேல் உள்ள அளவைப் பார்க்கச் சொல்லும் வரி ஒன்றும் சேர்ந்தது.

பத்தி இப்படி வந்து நின்றது:

"பொட்டலத்தின்மேல் 1 லிட்டர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டில் நிறையக் குடிநீர் எடுங்கள். அதைச் சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள். ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்பும் கொடுங்கள். கலக்கி 24 மணி நேரம் ஆனால், மீந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ஜிங்க் மாத்திரையை 14 நாள் கொடுங்கள். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுங்கள்."

அதன் பிறகே சந்தி பார்த்தோம், மூன்றாம் பாடவேளையில். முதல் நாள் திருத்திய சொற்களில் பாதி இப்போது பத்தியிலேயே இல்லை; அந்த உழைப்பு வீண். புதிய வாக்கியங்களிலோ 'ஐ'யும் 'கு'வும் அடிக்கடி வந்தன. மாத்திரையைக் கொடுங்கள், குழந்தைக்குக் கொடுங்கள் என்று உருபு வெளிப்படையாக வரும்போது வல்லினம் மிகும். உருபு மறைந்து 'மாத்திரை கொடுங்கள்' என்று வந்தால் மிகாது. ஐந்தாறு பேர் 'மாத்திரைக் கொடுங்கள்' என்று எழுதியிருந்தார்கள். விதியைச் சொல்லாமல், 'ஐ' எங்கே என்று மட்டும் கேட்டேன், அவர்களே அடித்துவிட்டார்கள். 'நாள்களா, நாட்களா' என்று ஒரு வழக்கும் எழுந்தது. '14 நாள்' என்றே எழுதித் தப்பித்தோம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் நான்கு பக்கத்தையும் எடுக்க வேண்டியதில்லை. அபாய அறிகுறி வாக்கியம் ஒன்று போதும். அதைத் தனித்தனி வரிகளாக உடைப்பதே ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை வேலை.

கடைசியில் மாணவர்கள் திருத்திய தாளை வீட்டில் படித்துக் காட்டினார்கள். 'புரிந்ததா?' என்று கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். 'இப்ப நீங்க என்ன செய்வீங்க?' என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதி வர வேண்டும். பெரும்பாலான வரிகள் தேறின. ஒரு மாணவியின் அப்பத்தா மட்டும் ஓரிடத்தில் நின்றுவிட்டார். "வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்துக் கொடுங்கள்" என்று நாங்கள் எழுதியிருந்தோம். "வாந்தியப் பொறுத்துக்கிட்டே பத்து நிமிசம் கொடுத்துக்கிட்டே இருக்கணுமாக்கும்?" என்று கேட்டாராம். மறுநாள் அந்த வரியை மாணவியே மாற்றிக் கொண்டுவந்தாள்: "வாந்தி எடுத்தால் கொடுப்பதை நிறுத்துங்கள். 10 நிமிடம் கழித்து, கரண்டி கரண்டியாக மெதுவாகக் கொடுங்கள்."